வாசலை மறித்து நிற்கும் வேனுக்கு என்ன எழுதுவது: நாலு கடிதங்களும் ஒரு தெரிவும்

அயலவருடைய வாகனம் நம் கேற்றை மறித்து நிற்கும்போது எழுதுகிற துண்டுக் கடிதம் அரைப் பக்கம்கூட வராது. ஆனால் அது சரியாக அமையாவிட்டால் ஒரே ஒழுங்கையில் இருக்கிற இரண்டு வீடு வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் போகும். ஆகவே ஒரே சங்கதிக்கு நாலு விதமாக எழுதிப் பார்த்து, எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கலாம். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் நடந்த விசயம்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கை பன்னிரண்டு அடி அகலம். ஒரு பக்கத்தில் ஒரு தங்கச்சியின் வீடு. அவ போதனா வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தர். காலை 7 மணி டியூட்டி இருக்கிற நாட்களில் 6.30க்கு வெளிக்கிட்டால்தான் பாலம் கடந்து நேரத்துக்குப் போய்ச் சேரலாம். எதிர் வீட்டு அண்ணன் வேனில் ஹயர் ஓடுகிறவர். கட்டுநாயக்காவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, நடுச்சாமம் கழிந்து வந்து வேனை விட்டுவிட்டுப் படுப்பார். அவருடைய வளவுக்குள் முன்பு வேன் நின்றது. இப்போது வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதால் மணலும் சல்லியும் பறித்துக் கிடக்கிறது. அதனால் வேன் ஒழுங்கைக்கு வந்தது. வந்து நிற்கிற இடம் தங்கச்சியின் கேற்றுக்கு நேர் எதிரே.

வேன் அவருடைய மதிலோடு ஒட்டித்தான் நிற்கும். தங்கச்சியின் கேற்றைத் தொடாது. ஆனாலும் கார் வெளியே வராது. வேன் ஐந்தரை அடி அகலம். மதிலுக்கும் வேனுக்கும் இடையில் விடுகிற இடைவெளியையும் கழித்தால் மிஞ்சுவது ஆறு அடிதான். தங்கச்சியுடைய சின்னக் காரே பதினொரு அடி நீளம். கேற்றுக்குள்ளால் மூக்கை நீட்டி, ஆறு அடிக்குள் அதைத் திருப்ப ஏலாது. இந்தக் கணக்கை அந்த அண்ணன் ஒருநாளும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். அவருடைய கண்ணுக்குக் கேற் திறந்துதான் கிடக்கிறது, வழியும் கிடக்கிறது. கடிதம் எழுதுகிறவர்கள் பலரும் விடுகிற இடம் இதுதான். தங்களுக்கு அவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிற தடை, மறித்தவருக்குத் தெரியவே தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். மறந்த பிறகு, அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்ற முடிவுக்கு வருவது ஒரு எட்டுத்தான்.

இரண்டு காலை டியூட்டிக்குப் பிந்திப் போன கோபத்தில் தங்கச்சி எழுதிய முதல் கடிதம் இது.

"மதிப்புக்குரிய வேன் உரிமையாளர் அவர்களுக்கு, இந்த ஒழுங்கையில் வேறு ஆட்களும் குடியிருக்கிறார்கள் என்பதைச் சிலர் மறந்துவிட்டார்கள் போலும். காலையில் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய வாகனம் வைத்திருப்பவர்களின் கண்ணுக்குச் சின்ன வாகனங்கள் தெரியாதுதான். அடுத்தவர் வாசலை மறிப்பது எந்த ஊர் வழக்கமோ தெரியவில்லை. பெரிய மனசு பண்ணி ஒருக்கால் யோசித்தால் நல்லது. புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம். மிக்க நன்றி!!! இப்படிக்கு, பாதிக்கப்பட்ட அயலவர்."

தனியாக எடுத்துப் பார்த்தால் இதில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை. மதிப்புக்குரிய, பெரிய மனசு, நம்புகிறோம், நன்றி என்று எல்லாமே மரியாதையான சொற்கள். வாசிக்கிறவருக்கு மட்டும் கன்னத்தில் விழுந்தது போல இருக்கும். ஏன் என்று ஒவ்வொரு இடமாகப் பார்க்கலாம்.

"சிலர்" என்பது முதல் இடம். கடிதம் போவது ஒரு ஆளுக்கு. வைப்பர் கட்டைக்குள் செருகப் போவது ஒரு வேனில். அப்படியிருக்க "சிலர்" என்று எழுதினால், நேரே சொல்லத் துணிவில்லாமல் பக்கத்தில் பார்த்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் இதைச் சாடைப் பேச்சு என்போம். கிணற்றடியில் ஒருத்திக்குக் கேட்கும்படி இன்னொருத்தியிடம் பேசுவது. பேச்சிலாவது, நான் உன்னைச் சொல்லவில்லை என்று கழன்றுகொள்ள வழி இருக்கிறது. எழுத்தில் அந்த வழியும் இல்லை.

அடுத்தது "பெரிய வாகனம்". தங்கச்சிக்கு அது வெறும் அளவு. அண்ணனுக்கு அது லீசிங்கில் எடுத்து மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் பிழைப்பு. அந்த ஒரு வரியால் பார்க்கிங் சங்கதி, யாரிடம் என்ன இருக்கிறது என்ற சங்கதியாக மாறிவிடுகிறது. "எந்த ஊர் வழக்கமோ" என்பது இன்னும் மோசம். வெளியூரில் இருந்து வந்து குடியேறிய குடும்பமாக இருந்தால், அந்த வரி அவருக்கு மட்டும் போகாது. பெண்சாதி பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போகும்.

"நம்புகிறோம்" என்ற பன்மையைக் கவனியுங்கள். எழுதியது ஒரு ஆள். வாசிக்கிறவர், ஒழுங்கையே கூடித் தன்னைப் பற்றிக் கதைத்திருக்கிறது என்று எண்ணுவார். கீழே பெயரும் இல்லை. எட்டு வீடு இருக்கிற ஒழுங்கையில் பெயரில்லாத கடிதம் வந்தால், எழுதாத ஆறு வீட்டையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இவ்வளவையும் மன்னித்துவிடலாம், கடிதத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தால். அது அங்கே இல்லை. அந்த அண்ணன் நல்ல மனதோடு வாசித்து, சரி, நான் இப்ப என்ன செய்ய வேணும் என்று தேடினால், கிடைப்பது "யோசித்தால் நல்லது" மட்டும்தான். யோசித்துவிட்டு மறுநாளும் அதே இடத்தில் விடலாம், கடிதத்தை மீறினதாகாது. வேனை எங்கே விடுவது, எந்த நேரத்தில் விலத்துவது, எவ்வளவு தள்ளுவது, ஒன்றும் இல்லை.

குத்தல் கடிதத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. எதிராளியின் குணத்தைப் பற்றிச் சொல்கிற வரிகளை எல்லாம் பேனையால் வெட்டுங்கள். மிச்சத்தை மட்டும் வாசியுங்கள். மேலே உள்ள கடிதத்தில் வெட்டிய பிறகு தப்புவது "காலையில் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்" என்ற ஒரே வரி. உண்மையில் அதுதான் கடிதத்தின் கரு. அதுவும் யாரோ பலரைப் பற்றியதாக ஒளிந்து கிடக்கிறது.

இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதும் தங்கச்சி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டா. இரண்டாவது கடிதம் இப்படி இருந்தது.

"அண்ணன், குறை நினைக்க வேணாம். சொல்லுறதுக்கும் கூச்சமாத்தான் இருக்கு. உங்களுக்கு வசதிப்பட்டா, ஏலுமெண்டா மட்டும், வேனைக் கொஞ்சம் தள்ளி விட்டா நல்லம். ஏலாட்டிப் பரவாயில்ல, நாங்க எப்பிடியாவது சமாளிக்கிறம்."

இதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பலர் இதைத்தான் மரியாதையான கடிதம் என்று நினைப்பார்கள். எனக்கு இது முதல் கடிதத்தைவிட ஆபத்தாகத் தெரிகிறது. காரணம் "கொஞ்சம்" என்ற சொல். அண்ணன் வாசித்துவிட்டு, பாவம், கேட்டிருக்கிறா என்று வேனை இரண்டு அடி முன்னே எடுத்து விடுவார். தன் பங்கைச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகப் படுப்பார். காலையில் கார் அப்போதும் திரும்பாது. இவ்வளவு பணிந்து கேட்டும் செய்யவில்லையே என்று தங்கச்சிக்கு இப்போது கோபம் இரட்டிப்பாகும். அவருக்கோ, செய்து கொடுத்த பிறகும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று இருக்கும். இரண்டு பேரும் நியாயமாகவே மனம் நோவார்கள்.

"ஏலாட்டிப் பரவாயில்ல" என்பதும் பொய். பரவாயில்லை என்றால் கடிதமே எழுதத் தேவையில்லை. டியூட்டிக்குப் பிந்தினால், இரவு முழுக்க வேலை செய்த இன்னொரு தாதி இவ வரும்வரை வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கிறா. பரவாயில்லாத விசயமா அது? மரியாதைக்காக உண்மையை மறைத்து எழுதினால், வாசிக்கிறவர் எழுதின அந்தப் பொய்க்குத்தான் பதில் தருவார். மரியாதையாக எழுதியும் காரியம் நடக்காத பல கடிதங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

மூன்றாவது வகையை எழுதித் தந்தவர் தங்கச்சியின் மாமா. கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தங்களது வாகனம் எமது இல்ல நுழைவாயிலுக்கு எதிரே தொடர்ச்சியாக நிறுத்தப்படுவதனால் எமக்குப் பெரும் அசௌகரியம் ஏற்படுகின்றது. இதனை உடனடியாக நிறுத்தாதவிடத்து உரிய அதிகாரிகளிடம் முறைப்பாடு செய்யப்படும் என்பதை இத்தால் அறியத் தருகின்றேன்."

இதில் சாடை இல்லை. எந்த வாகனம், எங்கே, என்ன விளைவு என்று சொல்கிறது. அந்த அளவில் முதல் இரண்டையும்விட நேர்மையானது. இருந்தும் முதல் கடிதமாகக் கொடுக்கக் கூடாது. கடைசிப் படியில் வைத்திருக்க வேண்டிய முறைப்பாட்டை முதல் படியிலேயே செலவழித்துவிடுகிறது. இதற்குப் பிறகும் வேன் நகராவிட்டால் ஒன்றில் முறைப்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சொன்னதைச் செய்யாத ஆளாக நிற்க வேண்டும். மொழியும் ஒரு தடை. பிரதேச சபையில் இருந்து வருகிற கடிதம் போல எதிர் வீட்டுக்கு எழுதினால், நேற்றுவரை தங்கச்சி என்று கூப்பிட்ட ஆள் இன்று "தாங்கள்" ஆகிவிடுவார். உறவு முறை சொல்லிப் பழகிய இடத்தில் அந்த முறையை எடுத்துவிடுவதே ஒரு அறிவிப்பு. மேலும், இதிலும் மாற்று இடம் சொல்லப்படவில்லை. "இதனை நிறுத்தாதவிடத்து" என்றால் வேனை எங்கே கொண்டுபோய் வைப்பது? வளவுக்குள் சல்லி.

நாலாவதுதான் கடைசியில் கொடுத்தது.

"அண்ணன், வணக்கம். எதிர் வீட்டுத் தங்கச்சி எழுதுறன்.

வேன் எங்கட கேற்றுக்கு நேர் எதிரே நிற்கிற நாளில், என்ட காரை வெளியே எடுத்துத் திருப்ப இடம் காணாது. கிழமையில் மூன்று நாலு நாள் எனக்குக் காலை 7 மணி டியூட்டி. 6.30க்கு வெளிக்கிட வேணும்.

வேனை லைட் போஸ்ட்டுக்கு அங்கால, உங்கட மதிலோட விடுங்க. பின் சில்லு போஸ்ட்டைத் தாண்டி நின்றால் எனக்குப் போதும்.

அங்கால விட ஏலாத இரவில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. நான் காரை முதலே எடுத்து ஒழுங்கை முகப்பில் விட்டுக்கொள்ளுறன். நம்பர் கீழே இருக்கு. வீட்டு வேலை முடியுமட்டும் இப்பிடிச் செய்தால் இரண்டு பேருக்கும் சுகம். நன்றி அண்ணன்."

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது லைட் போஸ்ட்டை. "தள்ளி விடுங்க" என்பதற்கும் "பின் சில்லு போஸ்ட்டைத் தாண்டி" என்பதற்கும் இடையில் முழு வித்தியாசமும் இருக்கிறது. நடுச்சாமம் கழிந்து, ஏழெட்டு மணித்தியாலம் ஓடின களைப்பில் வருகிற ஆளுக்கு "கொஞ்சம்" எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தெம்பு இருக்காது. போஸ்ட் கண்ணுக்குத் தெரியும். செய்தாரா இல்லையா என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும், வாக்குவாதத்துக்கு இடமில்லை. எங்கள் ஒழுங்கையில் போஸ்ட். உங்கள் இடத்தில் தென்னை மரமாக இருக்கலாம், மதிலின் தூணாக இருக்கலாம், கான் மூடியாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு அதைச் சொல்லலாம்.

ஆனால் அந்த இடத்தைச் சொல்வதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டும். தங்கச்சி போஸ்ட்டுக்கு அங்கால நடந்து போய்ப் பார்த்தா. அது அவருடைய மதில்தானா, வேனுடைய பதினைந்தடி நீளத்துக்கு இடம் இருக்கிறதா, அடுத்த வீட்டுப் படலையை மறிக்குமா, கான் மூடி உடைந்து சில்லு இறங்குமா என்று. நம் தொல்லையை மூன்றாவது வீட்டின் தலையில் கட்டுகிற மாதிரி ஒரு இடத்தைக் காட்டினால் கடிதம் பிழையாகிவிடும். நல்லவேளை, அங்கே அவருடைய மதில் இன்னும் இருபது அடிக்கு மேல் போகிறது.

அடுத்தது காரணம். ஒரே ஒரு காரணம்தான் சொல்லியிருக்கிறா, அதுவும் நேரத்தோடு. இரவில் கதவை அடித்துச் சாத்துகிற சத்தம், வேன் கழுவுகிற தண்ணீர் வாசலுக்கு ஓடி வருவது என்று தங்கச்சியிடம் இன்னும் பட்டியல் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் ஒரு கடிதத்தில் மூன்று குறை வந்தால், வாசிக்கிறவர் அதில் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு அதற்குத்தான் பதில் சொல்வார். தண்ணீர் அவருடைய வீட்டில் இருந்து வரவில்லை, பக்கத்து வீட்டுக் குழாயில் இருந்து வருகிறது என்று நிரூபித்துவிட்டால் போதும், வேன் சங்கதியும் அதோடு போய்விடும்.

"விடுங்க" என்று நேராகச் சொல்லலாமா, "விட ஏலுமா?" என்று கேட்க வேண்டாமா என்று தங்கச்சிக்கு ஒரு தயக்கம் இருந்தது. நம் பேச்சில் வாங்க, இருங்க, சாப்பிடுங்க என்பதெல்லாம் ஏவல்தான். யாரும் அதை அதிகாரமாக எடுப்பதில்லை, மரியாதை அந்த "ங்க"வுக்குள்ளேயே இருக்கிறது. கேள்வியாகக் கேட்டால், நேரில் என்றால் அந்த இடத்திலேயே ஓம் என்ற பதில் வரும். கடதாசியில் எழுதின கேள்வி பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். அவர் ஓம் என்றாரா இல்லையா என்று தெரியாமல் நீங்களும் காலைதோறும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். மரியாதை போதாது என்று தோன்றினால் தொடக்கத்து வணக்கமும் முடிவில் நன்றியும் போதும். ஆனால் அந்த நன்றியோடு மூன்று ஆச்சரியக்குறி போட வேண்டாம். மூன்று குறி போட்ட நன்றியை நன்றியாக வாசிக்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை.

மெசேஜ் போடுங்க என்ற பகுதியை மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பிழை அவருடையது, நாம் ஏன் இரவில் எழும்பிக் காரை எடுக்க வேண்டும் என்றார். நியாயம்தான். இருந்தாலும் அதை அப்படியே வைக்கச் சொன்னேன். ஒரு நாள் போஸ்ட்டுக்கு அங்கால சீமெந்து லொறி நிற்கும், இல்லாவிட்டால் மழையில் நிலம் இளகிக் கிடக்கும். அன்றைக்கு அவர் என்ன செய்வது என்று கடிதம் சொல்லாவிட்டால், பழைய இடத்தில் விடுவார். அந்த ஒரு நாளோடு ஏற்பாடு முறியும். வழி சொல்லி வைத்தால் அந்த நாளும் ஏற்பாட்டுக்குள்ளேயே அடங்கும்.

இனி, எழுதின கடிதத்தை எப்படிச் சேர்ப்பது. வைப்பர் கட்டைக்குள் செருகுவதை நான் விரும்புவதில்லை. எங்கள் கரையில் மாரி காலத்தில் இரவு வைத்த கடதாசி விடியப் பார்த்தால் கூழாகி இருக்கும். மற்றக் காலத்தில் கடல் காற்று கொண்டுபோகும். அவர் கண்டாரா காணவில்லையா என்றே தெரியாது. கண்டாலும், போகிற வருகிறவர்கள் எல்லாம் வாசித்த பிறகுதான் அவர் கைக்குப் போகும். தனக்கு வந்த கடிதத்தை ஊர் வாசித்தது என்பது, கடிதத்தில் என்ன இருந்தது என்பதைவிடப் பெரிய கோபமாகிவிடும். கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுவதை நினைக்கவே வேண்டாம். பசை போகாது.

கையில் கொடுப்பதுதான் சரி. அதுவும் அவர் நித்திரையால் எழும்பித் தேத்தண்ணி குடித்திருக்கிற பின்நேரத்தில். காலை 6.30க்கு ஹோர்ன் அடித்து எழுப்பிக் கொடுத்தால் எந்தக் கடிதமும் குத்தல் கடிதம்தான். வீட்டில் தாயோ பிள்ளையோ இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிட்டு வரக்கூடாது. அப்படியானால் நேரே போய்ப் பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். பேசுகிற பழக்கம் இருக்கிற வீடு என்றால் பேசுவதுதான் முதல் தெரிவு. இங்கே தங்கச்சி டியூட்டியால் வரும்போது அண்ணன் ஓட்டத்தில் இருப்பார். இவ கோபத்தில் போனால் அழுதுவிடுவேன் என்று பயந்தா. அதனால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய், அண்ணன், காரை எடுக்கிற விசயமா ஒரு துண்டு எழுதிக்கொண்டு வந்தன், வாசிச்சுப் பாருங்க என்று கொடுத்தா. நேரில் போனதால் கடிதத்தின் நேரடித் தன்மை கடுமையாகத் தெரியவில்லை. கடிதம் இருந்ததால் பேச்சு வழி தவறவும் இல்லை. வாட்ஸப் நம்பர் இருந்தால் அதுவும் ஆகும், ஆனால் ஒழுங்கைக்காரர் எல்லாரும் இருக்கிற குறூப்பில் போடாமல், தனியே அவருக்கு மட்டும்.

அண்ணன் வாசித்துவிட்டுச் சொன்னது, எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று. போஸ்ட்டுக்கு அங்கால இருட்டு. போஸ்ட்டில் பல்ப் எரிவதில்லை. தங்கச்சியின் கேற் லைட் விடிய விடிய எரிவதால், அந்த வெளிச்சத்தில் வேன் நின்றால் பற்றரி களவு போகாது என்றுதான் அங்கே விட்டிருக்கிறார். அப்ப நான் எங்கட மதிலில அந்தப் பக்கம் பார்த்து ஒரு பல்ப் போடுறன் என்றா தங்கச்சி. எல்.ஈ.டி. பல்ப் ஒன்று, சொந்த வீட்டு வயரில் இருந்து. அன்று இரவே வேன் இடம் மாறியது. முதல் கடிதம் போயிருந்தால் இந்த இருட்டுக் கதை வெளியே வந்தே இருக்காது. குணத்தைச் சொன்னால் அவர் குணத்துக்குப் பதில் சொல்வார். இடத்தைக் கேட்டதால்தான் அந்த இடத்தில் என்ன பிரச்சினை என்று சொன்னார்.

எதிர் வீட்டார் முஸ்லிம் குடும்பமாக இருந்தால், காத்தான்குடி எல்லையிலும் கல்முனைப் பக்கத்திலும் அப்படித்தானே கலந்து இருக்கிறோம், கடிதத்தின் எலும்பு மாறாது. வழக்கமாக எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். நானா என்று கூப்பிட்டால் நானா, காக்கா என்றால் காக்கா, வீட்டுக்காரிக்குக் கொடுப்பதென்றால் ராத்தா. பேச்சில் நானா என்றுவிட்டு எழுத்தில் "திரு." போட்டால் அது விலகல். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வந்த வாகனமோ, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு வந்த வாகனமோ ஒரு மணித்தியாலம் மறித்து நின்றால் அதற்குக் கடிதம் வேண்டாம். அன்றைக்கு உங்கள் வாகனத்தை முன்கூட்டியே வெளியே எடுத்து விடுவது லேசு.

கடிதமே எழுதக்கூடாத ஒரு நிலைமையும் உண்டு. கேற் மறியவில்லை, கார் திரும்ப இடமும் இருக்கிறது. ஆனால் நம் மதிலோரம் வேப்ப மர நிழலில் அவர் வாகனம் நிற்கிறது. மனதுக்குப் பொறுக்காது. ஆனாலும் மதிலுக்கு வெளியே இருப்பது பொது ஒழுங்கை என்றால் அது நம் இடம் இல்லை. அங்கே "எங்கட இடத்தில் விடாதீங்க" என்று எழுதினால், கடிதம் எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் அடிப்படை பிழை. நிழல் வேண்டுமானால் அதை உதவியாகக் கேளுங்கள். அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற நாளில் மட்டும் அந்த இடத்தை விட்டுத் தாங்க என்று கேட்கலாம். இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு. இரண்டாவது கடிதத்தின் பணிவு பொருந்துகிற ஒரே இடம் இதுதான்.

நாலாவது கடிதம் கொடுத்தும் வேன் பழைய இடத்திலேயே நின்றால்? முதலில் இரண்டு கிழமை விடுங்கள். பழக்கம் மாற நாள் எடுக்கும், ஒரு நாள் தவறினதும் அடுத்த கடிதத்தை எழுதக்கூடாது. அடிக்கடி தவறினால் இரண்டாவது கடிதம், முதலாவதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். "அண்ணன், போன மாதம் வேனைப் பற்றித் தந்த கடிதம் நினைவிருக்கும். இந்தக் கிழமை செவ்வாயும் வியாழனும் காலையில் கார் எடுக்க ஏலாமல் போயிட்டு. போஸ்ட்டுக்கு அங்கால விடுறதில ஏதும் கரைச்சல் இருந்தால் சொல்லுங்க, ஞாயிறு பின்நேரம் வந்து கதைக்கிறன்." இதிலும் குணம் இல்லை, நாள் இருக்கிறது. "எப்ப பார்த்தாலும்" என்று எழுதினால் அவர் விடாத ஒரு நாளைச் சொல்லி மறுப்பார். செவ்வாய், வியாழன் என்றால் மறுக்க இடமில்லை.

அதற்குப் பிறகும் நகராவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு சொல் சொல்லி வைக்கலாம். அடுத்த படி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகள் அயலவர் பிணக்குகளையும் பார்க்கின்றன. சபை தீர்ப்புச் சொல்லாது. இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேச வைக்கும். இரண்டு பேரும் உடன்பட்டால்தான் இணக்கம். உடன்படாவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தரும். அங்கே போகிற நிலைமை வந்தால், மாமா எழுதினதைவிட நாலாவது கடிதத்தின் பிரதிதான் தங்கச்சிக்குக் கைகொடுக்கும். என்ன கேட்டோம், எந்த இடத்தைக் காட்டினோம், நம் பக்கத்தில் என்ன செய்யத் தயாராக இருந்தோம் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. ஆகவே கொடுக்குமுன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேன் நிற்கிறதையும் எடுப்பதென்றால், சில்லும் போஸ்ட்டும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள்.